ரத்தம் ஏற்றும் முன்: ஆன்டிபாடி ஸ்கிரீனிங், கிராஸ்மேட்ச் கேள்வி பதில்

ஸ்கிரீனிங்கில் இரண்டாவது செல் மட்டும் பாசிட்டிவ். அடுத்து என்ன செய்வது?

இரண்டு பிரசவமும் ஒருமுறை ரத்தமேற்றலும் கண்ட பி பாசிட்டிவ் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று குழாய்களிலும் அவருடைய பிளாஸ்மா இரண்டு சொட்டும், ஓ வகை ஸ்கிரீனிங் செல் ஒரு சொட்டும் விட்டு, லிஸ் எனும் உப்புச் செறிவு குறைந்த கரைசலுடன் 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, சலைனில் நன்றாகக் கழுவி, செல்லில் ஒட்டிய ஆன்டிபாடியைப் பிடித்துத் திரளவைக்கும் கூம்ப்ஸ் சீரம் சேர்த்துச் சுழற்றினால், இரண்டாவதில் மட்டும் செல்கள் திரள்கின்றன. இரண்டாவதில் கேப்பிட்டல் ஈ, ஸ்மால் சி ஆகிய ஆன்டிஜன்கள் இரண்டும் உண்டு. மூன்றாவதில் ஸ்மால் சி மட்டும் உண்டு. முதலாவதில் இரண்டுமே இல்லை என்று செல்களோடு வரும் தாள் சொல்கிறது. மூன்றாவது திரளாததால் ஸ்மால் சி விலகுகிறது. சந்தேகம் கேப்பிட்டல் ஈ மீது விழுகிறது. ஆனால் இரண்டாவது செல்லில் வேறு ஆன்டிஜன்களும் இருக்கலாம் என்பதால், ஆன்டிஜன் விவரம் தெரிந்த 11 செல் பேனலில் உறுதி செய்த பிறகே ரத்தப் பை தேட வேண்டும். கேப்பிட்டல் ஈ இல்லாத பி பாசிட்டிவ் பைகளைப் பிரித்து, பையின் குழாய்த் துண்டிலிருந்து எடுத்த செல்களை அவருடைய பிளாஸ்மாவுடன் கூம்ப்ஸ் வரை கிராஸ்மேட்ச் செய்யுங்கள்.

செக் செல் சேர்த்தும் திரளவில்லை. நெகட்டிவ் என்று எழுதலாமா?

கூடாது. செக் செல் ஏற்கெனவே ஆன்டிபாடி பூசிய செல்; கூம்ப்ஸ் சீரம் வேலை செய்தால் அது திரண்டே ஆக வேண்டும். சரியாகக் கழுவாமல் எஞ்சிய பிளாஸ்மா கூம்ப்ஸ் சீரத்தைச் செயலிழக்கச் செய்திருக்கலாம், அல்லது சீரம் சேர்க்கவே விட்டுப்போயிருக்கலாம். அந்தச் சோதனை செல்லாது, முதலிலிருந்து செய்யுங்கள்.

எனக்கும் என் தம்பிக்கும் ஓ பாசிட்டிவ்தான். நேரடியாக ஏற்றக் கூடாதா?

கூடாது. முதல் பதிலில் வரும் பெண்ணுக்கும் பி பாசிட்டிவ் பைதான் தேடினோம். ஆனாலும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மேலும், ரத்த உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றுவது தனி ஆபத்து.

கணவர் ரத்தம் மனைவிக்கு, ஒரே குரூப்?

மேலே சொன்ன சோதனைகள் இதற்கும் பொருந்தும். அதோடு, பிள்ளைகள் வழியாகக் கணவரின் ஆன்டிஜன்களுக்கு எதிராக மனைவியிடம் ஆன்டிபாடி உருவாகியிருக்க வாய்ப்புண்டு. மாதிரிக் குழாயில் பெயர் எழுதுவது நோயாளியின் படுக்கையருகே நடக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். தவறான குழாயில் செய்த கிராஸ்மேட்ச் யாரையும் காப்பாற்றாது.

ஸ்கிரீனிங் நெகட்டிவ் என்றால் கூம்ப்ஸ் கிராஸ்மேட்ச் வீண் வேலை. உடனடியாகச் சுழற்றிப் பார்த்தால் போதும்.

பாதி சரி. பழைய ஆன்டிபாடிப் பதிவு இல்லாதவருக்குப் பல ஆய்வகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் கிட் எனும் ரத்த வகை அமைப்பின் ஆன்டிஜன்களுக்கு எதிரான கிட் ஆன்டிபாடிகள் சில மாதங்களில் அளவு குறைந்து ஸ்கிரீனிங்கில் தென்படாமல் போகும். அடுத்த ரத்தமேற்றலில் மீண்டும் பெருகிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே பழைய பதிவைத் தேடாமல் அந்தச் சுருக்கவழிக்குப் போகாதீர்கள்.

பதிவு இருந்தால்தானே தேடுவது? ஊர் மாறி வருபவருக்கு? அவசரத்தில் தாமதமும் ஆபத்துதானே?

இரண்டும் நியாயமான கேள்விகள். கிட் ஆன்டிபாடி குறைந்துவிட்டால் கூம்ப்ஸ் கிராஸ்மேட்சும் அதைத் தவறவிடலாம்; அதனால் முழு கிராஸ்மேட்ச் இதற்குத் தீர்வு என்று வாதிட மாட்டேன். ஆனால் மூன்று ஸ்கிரீனிங் செல்களிலும் இல்லாத அரிதான ஆன்டிஜன் பையில் இருந்தால், அதைப் பிடிக்க முழு கிராஸ்மேட்சே வழி. அவசரமில்லாத நோயாளிக்கு அந்த நேரத்தைச் செலவிடுவேன். நீங்கள் செலவிட மாட்டீர்கள் என்றால், ஏற்றிய பிறகு சில நாட்களில் ஹீமோகுளோபின் இறங்குகிறதா, மஞ்சள் காமாலை தெரிகிறதா என்று கவனிக்க வார்டுக்குச் சொல்லுங்கள்.