சட்ட ஆலோசனை: ஊர்ந்து போகும் பென் டிரைவ் குறையுள்ள பொருளா?

கேள்வி: தனியாளாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். 20 நாளைக்கு முன் 128 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் 'யூஎஸ்பி 3.2, 150 எம்பி/நொடி வரை' என்றும், விற்பனைப் பக்கத்தில் 'முழுப் படத்தை ஒரே நிமிடத்தில் ஏற்றலாம்' என்றும் போட்டிருந்தது. 60 ஜிபி வீடியோவை ஏற்றினால் முதல் நிமிடத்தில் 6 ஜிபி வரை வேகமாகப் போகிறது. அதன்பின் ஊர்கிறது, சில சமயம் பூஜ்யத்தில் நின்று மறுபடி ஓடுகிறது. முழுதும் ஏற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஏறிய வீடியோக்கள் சரியாகத்தான் திறக்கின்றன. 7 நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது என்று விற்றவர் கையை விரிக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இப்போதே போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். வேகம் எதனால் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் புகார் சட்டத்தில் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் வேலைதான்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். முதல் நிமிடத்தில் 6 ஜிபி என்றால் நொடிக்கு 100 எம்பி. மீதி 54 ஜிபிக்கு 104 நிமிடம் என்றால் நொடிக்கு 9 எம்பிக்கும் சற்றுக் குறைவு. இப்படி ஒரே இடத்தில் செங்குத்தாக விழுந்து, அப்புறம் கீழேயே ஓடுவது மலிவு விலை பென் டிரைவ்களின் இயல்பு. அதிலுள்ள சிப்பில் ஒவ்வொரு செல்லிலும் மூன்று அல்லது நான்கு பிட்களை நெருக்கி எழுதுகிறார்கள். இடம் மிச்சமாகும், ஆனால் எழுத நேரம் பிடிக்கும். அதை மறைக்க, கொஞ்சம் இடத்தை மட்டும் செல்லுக்கு ஒரு பிட் வீதம் வேகமாக எழுத ஒதுக்குகிறார்கள். அரிசி மண்டியில் லாரி வந்ததும் மூட்டைகளைத் திண்ணையில் மளமளவென்று இறக்கிவிட்டு, பிறகு உள்ளே அடுக்குவதைப் போல. திண்ணை நிறைந்துவிட்டால், உள்ளே அடுக்கி இடம் காலியாகும் வேகத்தில்தான் லாரியும் இறங்கும். உங்கள் டிரைவின் திண்ணை ஏறக்குறைய 6 ஜிபி. திரையில் தெரியும் பூஜ்யமும் பெரும்பாலும் டிரைவ் தன் உள்வேலையில் மூழ்கி, புது டேட்டாவை வாங்காமல் இருக்கும் சில நொடிகள்தான்.

இதுதான் காரணம் என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்கிறேன். 150 எம்பி என்பது படிக்கும் வேகம், எழுதும் வேகம் அல்ல, அதிலும் 'வரை' என்று போட்டிருக்கிறோம், 'யூஎஸ்பி 3.2' என்பது இணைப்பின் தரமே ஒழிய உள்ளிருக்கும் சிப்பின் வேகம் அல்ல. ஒரு படம் 4 ஜிபி என்றால், உங்கள் டிரைவே அதை 40 நொடியில் ஏற்றிவிடுகிறதே என்று உங்கள் கணக்கையே எடுத்து நீட்டுவார். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

ஆகவே வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் உங்கள் கம்ப்யூட்டர் மேல் பழி வராமல் செய்துகொள்ளுங்கள். ஹப், நீட்டிப்பு வயர் எதுவும் இல்லாமல் நேரடிப் போர்ட்டில் செருகுங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டாக இருந்தால் வேகம் தொடக்கத்திலேயே 30, 40 எம்பியைத் தாண்டாது. உங்களுக்கு 100 வந்திருப்பதால் போர்ட் மேல் சந்தேகம் குறைவு. ஏற்றுவது ஆயிரக்கணக்கான சின்னப் போட்டோக்களாக இருந்தால் எந்த டிரைவும் திணறும், ஒவ்வொரு ஃபைலுக்கும் அட்டவணையில் தனியாகப் பதிய வேண்டியிருப்பதால். அதனால் 20 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை வீடியோ ஃபைலை வைத்துச் சோதியுங்கள். டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்ற வேண்டும். அதே ஃபைலை அதே போர்ட்டில் வேறொரு டிரைவிலும் ஏற்றி ஒப்பிடுங்கள். அதுவும் ஊர்ந்தால் குற்றவாளி உங்கள் ஹார்ட் டிஸ்க்கோ ஆன்டிவைரஸோதான்.

அடுத்து H2testw என்ற இலவச விண்டோஸ் மென்பொருள். டிரைவில் இருப்பதையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றிக் காலி செய்துவிட்டு, அதில் 'all available space' தேர்ந்து 'Write + Verify' அழுத்துங்கள். டிரைவ் முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். உங்கள் வேகத்தில் எழுதவே மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும், இரவில் ஓட விடுங்கள். முடிவில் எழுதும் வேகமும் படிக்கும் வேகமும் தனித்தனியே வரும். 'Test finished without errors' என்று வந்தால் கொள்ளளவு உண்மை, சிப்பும் நலம். 128 ஜிபி என்று வாங்கியதை விண்டோஸ் 119 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டுவது எண்ணும் முறையின் வேறுபாடு. அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள், மற்ற புகாரும் நகைப்புக்கு இடமாகும்.

'DATA LOST' என்ற சொல்லோடு ஒரு பெரிய எண் வந்தால் கதையே வேறு. 32 ஜிபி சிப்பை வைத்து 128 என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் போலி டிரைவ்கள் சந்தையில் உண்டு. உண்மையான அளவு தீர்ந்தபின் ஃபைல் பெயர் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. உங்கள் 60 ஜிபியும் திறப்பதால் அந்த அளவுக்கு மோசமில்லை. 64 ஜிபி சிப்பாக இருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும் என்பதால், முழுச் சோதனை செய்யாமல் விடக்கூடாது.

மூன்றாவது காரணம், சிப் நலிந்துபோவது. பூஜ்யம் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறதா, ஒவ்வொரு முறையும் வேகம் வேறு வேறு இடத்தில் விழுகிறதா, காப்பி இடையில் அறுகிறதா என்று பாருங்கள். அப்படி நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, விண்டோஸின் Event Viewer-இல் Windows Logs, அதனுள் System திறந்து பாருங்கள். அதே நேரத்தில் disk என்ற மூலத்திலிருந்து Event ID 153 இருந்தால், எழுத்தோ படிப்போ தடுமாறி மறுமுயற்சி நடந்தது என்று பொருள். 7 இருந்தால் கெட்டுப்போன பகுதி. இவை அந்த டிரைவைப் பற்றிய பதிவுகள்தானா என்று செய்தியிலுள்ள டிஸ்க் எண்ணை ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

இனி சட்டம். போலிக் கொள்ளளவோ, சிப் கோளாறோ தெரிந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(10) சொல்லும் 'குறை' அது. 7 நாள் என்பது அந்தத் தளத்தின் வசதிக்கான விதி. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் விதி 6 தெளிவாகச் சொல்கிறது: பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பவர் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்கக்கூடாது. அட்டையில் உற்பத்தியாளர் வாரன்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பென் டிரைவ்களுக்குச் சில ஆண்டுகள் உண்டு, சிப் கோளாறுக்கு அதுவே குறுக்குவழி.

சோதனை சுத்தமாக வந்து, 6 ஜிபிக்குப் பின் ஊர்வது மட்டுமே பிரச்சினை என்றால், பிரிவு 2(28)-இல் உள்ள தவறான விளம்பரம் ஒன்றுதான் பிடிமானம். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் வருகிறது. படிக்கும் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு, எழுதும் வேகத்தைச் சொல்லவே இல்லை என்று வாதிடலாம். வாதம் நியாயமானது. ஆனால் 1,100 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையத்தின் படியேறும் அளவுக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். பணம் திரும்பக் கேட்டு எழுதும் கடிதத்துக்குப் போதும். விற்பனைப் பக்கத்தில் எங்காவது எழுதும் வேகத்தை எண்ணாகவே குறிப்பிட்டிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

சோதனையை அறுபடாத ஒரே வீடியோவாக எடுங்கள். அட்டை, பில், டிரைவின் மேலுள்ள எண், கம்ப்யூட்டர் திரை, ஒரு கடிகாரம் எல்லாம் அதில் வரட்டும். வழக்கில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63-இன்படி அந்த வீடியோவுக்கான மின்னணுச் சான்றிதழும் இணைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன்கீழ் ஆணையமே டிரைவை முத்திரையிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப முடியும். ஆனால் அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், அது டிரைவின் விலையைத் தாண்டிவிடலாம். உற்பத்தியாளரின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, 'குறை உள்ளது' என்று எழுத்தில் வாங்கினால் அதைவிட மலிவு. எக்காரணம் கொண்டும் டிரைவைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கடிதம் இவ்வளவு போதும்: 'இன்ன தேதியில் வாங்கிய டிரைவை இன்ன தேதியில் சோதித்தேன். முடிவு இது, வீடியோ இணைத்துள்ளேன். விதி 6-இன்படி 1,100 ரூபாயை 15 நாளில் திருப்பித் தரவும்.' பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். நான் பார்த்த வரையில் சின்னத் தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.

ஒரு முட்டுக்கட்டை வரும். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு பிரிவு 2(7)-இன் விளக்கம் விலக்குத் தருகிறது. தனியாள் என்பதையும் டிரைவை நீங்களே பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு விலை வைத்துக் கொடுப்பதற்காக வாங்கியதாக இருந்தால் அந்த விலக்கு நிற்காது. ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வரிச் சலுகை எடுத்திருந்தால் அதையும் எதிர்த்தரப்பு காட்டும்.

டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்முன் கல்யாண வீடியோக்களை அழித்துவிடுங்கள், மாற்று டிரைவ் வந்தாலும் பழையது திரும்பி வராது. அழித்தபின் ஒருமுறை H2testw ஓட்டினால் முழு இடமும் மேலெழுதப்பட்டுவிடும், சோதனை முடிவுக்கு இன்னொரு நகலும் கிடைத்துவிடும்.