நிறையச் சாப்பிட்டும் இளைப்பது ஏன்?

"அப்பாவுக்கு 54 வயது. இரண்டு மாதமாக எந்நேரமும் பசி, தாகம். முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார், ஆனாலும் 6 கிலோ குறைந்துவிட்டார். சர்க்கரை 380. உடம்பில் இவ்வளவு சர்க்கரை இருந்தும் ஏன் இளைக்கிறார்?"

அந்தச் சர்க்கரை ரத்தத்தில் நிற்கிறது, தசைக்குள் போகவில்லை. தசை, கொழுப்பு செல்களுக்குள் குளுக்கோஸைக் கொண்டுசெல்லும் புரதத்துக்கு குளூட்-4 என்று பெயர். வழக்கமாக அது செல்லின் உள்ளே ஒதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து செல்லின் மேற்பரப்பில் ஒட்டிய பிறகுதான் வெளிச்சுவருக்கு வந்து வழிவிடும். இன்சுலின் போதாவிட்டாலும், இருக்கிற இன்சுலினுக்குச் செல் இணங்காவிட்டாலும் வழி திறக்காது. மூளைக்கு இந்தத் தடை இல்லை. இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

பலரும் சொல்லாமல் விடுவது கல்லீரலின் பங்கு. இன்சுலின் குறைந்தால் கல்லீரல் அதைப் பட்டினிக் காலம் என்றே எடுத்துக்கொள்ளும். தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும். அதனால்தான் இரவு முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தும் காலையில் சர்க்கரை ஏறி நிற்கிறது.

இனி சிறுநீரகம். ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் வரும் குளுக்கோஸை ஏறக்குறைய முழுவதும் திரும்ப உறிஞ்சிவிடும். அந்த உறிஞ்சலுக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 100 மி.லி.க்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டியதும் சிறுநீரில் குளுக்கோஸ் கசியத் தொடங்கும். 380 என்றால் லிட்டருக்கு 3.8 கிராம், 180 லிட்டரில் 684 கிராம் வடிகிறது. திரும்ப எடுக்க முடிவது ஏறத்தாழ 540 கிராம்தான். மீதி 140 கிராமுக்கு மேல் வெளியே போகும். நாள் முழுக்க 380-லேயே நிற்காது என்பதால் 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம்.

குளுக்கோஸ் தனியாகப் போவதில்லை, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். 100 கிராமுக்குக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீர் போகலாம். இப்படி நீர் குறைந்து ரத்தம் அடர்த்தியாவதை மூளையின் ஹைப்போதலாமஸ் உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. 'தண்ணீர் அதிகம் குடிப்பதால்தான் இப்படிச் சிறுநீர் போகிறது' என்று வீட்டில் சிலர் தண்ணீரைக் குறைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறுநீர் போவதால்தான் தாகம். வெறும் தண்ணீர் கொடுங்கள். சோர்வாக இருக்கிறார் என்று குளுக்கோஸ் பவுடரோ பழச்சாறோ கொடுத்தால் சர்க்கரை இன்னும் ஏறும், தாகமும் கூடும்.

இப்போது எடைக்கு வருவோம். 100 கிராம் குளுக்கோஸ் என்பது 400 கலோரி. 60 நாளில் 24,000 கலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பதால் ஏறக்குறைய 3 கிலோ கொழுப்புக்குச் சமம். மீதி 3 கிலோ தசையும் நீரும். கொழுப்பு உடைவதையும் தசைப் புரதம் கரைவதையும் கட்டுக்குள் வைத்திருப்பது இன்சுலின். அது குறைந்ததும் இரண்டும் அவிழ்ந்துவிடுகின்றன. தசையிலிருந்து வந்த அமினோ அமிலங்களைக் கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்க, அதிலும் ஒரு பங்கு சிறுநீரில் போகிறது. தொடை மெலிந்து மாடிப்படி ஏறவே சிரமப்படுவது இதனால்தான்.

பசிக்கும் இதுவே வேர். சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்பவற்றில் இன்சுலினும், கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டினும் முக்கியமானவை. இன்சுலின் குறைந்து, கொழுப்பும் கரையும்போது அந்தத் தகவல் மங்கிவிடுகிறது. வயிறு நிறைந்தாலும் மூளை பட்டினி என்றே நினைக்கிறது.

கொழுப்பு உடைவதைத் தடுக்கக் கொஞ்சம் இன்சுலினே போதும். எனவே இப்படி இளைக்கிறார் என்றால் இன்சுலின் மிகவும் குறைந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் தொடக்கத்திலேயே இன்சுலின் ஊசி சொன்னால் தயங்காதீர்கள். பலருக்குச் சர்க்கரை இறங்கிய பின் மாத்திரைக்கு மாற முடிகிறது. சர்க்கரை 180-க்குக் கீழே வந்தால் சில நாளிலேயே தாகம் அடங்கும். எடை திரும்ப வாரங்கள் ஆகும். சர்க்கரை கட்டுப்பட்ட பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால் காசநோய், தைராய்டு, கணையம் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு பசித்தவருக்குத் திடீரென்று பசி அற்றுப்போய், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சுவாங்குதல், மூச்சில் பழவாடை, மயக்கம் என்று வந்தால் தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். கொழுப்பு அளவுக்கு மீறி உடைந்ததால் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேர்ந்திருக்கலாம். காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், சர்க்கரையோடு கீட்டோனும் பார்க்கச் சொல்லுங்கள்.