பென்ஸ்டாக் குழாய்க்கு எந்த விட்டம்?

கேள்வி: சிறு நீர்மின் அமைப்பில் டர்பைனுக்குத் தண்ணீரை இறக்கும் பென்ஸ்டாக் குழாய் போட வேண்டும். 40 மீட்டர் உயரம், நொடிக்கு 20 லிட்டர் தண்ணீர், 200 மீட்டர் பிவிசி குழாய். எந்த விட்டம் வாங்கினால் கட்டுப்படியாகும்?

125 மில்லிமீட்டரில் கணக்கைத் தொடங்குங்கள். அதன் கீழே இறங்க வேண்டாம். நான் சொல்வதெல்லாம் உள்விட்டம். குழாயில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளிவிட்டம்.

அதே தண்ணீர் ஓடும்போது உராய்வு இழப்பு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறையும். ஆனால் ஒரே அழுத்த வகுப்பில் குழாயின் எடை, அதோடு விலையும், சுமாராக விட்டத்தின் வர்க்கத்தில்தான் ஏறும். அதனால் முதல் படியில் லாபம் அள்ளும், பிறகு சட்டென வற்றிவிடும்.

உங்கள் குழாய்க்கே பாருங்கள். 100 மி.மீ.யில் சுமார் 10.5 மீட்டர் உயரம் உராய்விலேயே போய்விடும், 125-ல் 3.5, 150-ல் 1.5. மொத்தத் திறன் 55% என்றால் கிடைப்பது முறையே 3.2, 3.9, 4.2 கிலோவாட். 100 மி.மீ. குழாயின் விலையை 1 என்று வைத்தால் 125-க்கு 1.56, 150-க்கு 2.25. முதல் தாவலில் 0.56 பங்கு கூடுதல் செலவுக்கு 750 வாட், அடுத்ததில் 0.69 பங்குக்கு 220 வாட்தான். அந்த 220 வாட் ஆண்டு முழுக்கப் பயன்படுமானால் 150 வாங்குங்கள். கோடையில் ஓடை சுருங்குமென்றால் 125 போதும், ஏனெனில் ஓட்டம் பாதியானால் இழப்பு கால்வாசிக்கு அருகில் வந்துவிடும்.

பொருத்தியபின் டர்பைனுக்கு முன்னே அழுத்தமானி வையுங்கள். வால்வு மூடியிருக்கையில் 3.9 பார் காட்டும். முழு ஓட்டத்தில் 125-க்கு 3.6-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அதைவிட நன்றாக இறங்கினால் அடைப்போ காற்றுப்பையோ இருக்கிறது.