வீட்டு விளம்பரத்துக்கான காலி அறைப் படத்தில் கணினியில் கட்டில், சோபா எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

நிழல் சரியில்லை என்று பலரும் சொல்வார்கள். சோபாக் கால் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருநிழல் இல்லாவிட்டால் அது மிதக்கும், அது உண்மைதான். ஆனால் நீங்கள் முதலில் அளவைப் பாருங்கள். அதில் சறுக்கியவன் நான்.

ஒரு வரவேற்பறைப் படம் வந்தது. அறை பெரிதாகத் தெரிய வேண்டும், சோபாவைக் கொஞ்சம் சின்னதாக வையுங்கள் என்றார் தரகர். வைத்தேன். வீடு பார்க்க வந்தவர் கையில் அளவு நாடாவோடு வந்திருந்தார். அவரிடம் இருந்த, மூன்று பேர் உட்காரும் சோபாவை அங்கே போட்டால் பால்கனிக் கதவு பாதிதான் திறக்கும். பழி என் மேல் விழுந்தது.

அன்றைக்கு இரவே அந்தப் படத்தில் தரை ஓடுகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் 60 செ.மீ. மூன்று பேர் சோபா சுமார் 210 செ.மீ. நீளம், அதாவது மூன்றரை ஓடு. நான் வைத்தது இரண்டரை ஓட்டைத்தான் மூடியிருந்தது, 150 செ.மீ. எண்ணும்போது ஒன்று கவனியுங்கள்: சோபாவின் முன்கால்கள் நிற்கும் வரிசையிலேயே எண்ண வேண்டும். படத்தில் பின்னால் போகப் போக ஓடு சிறுத்துவிடும், முன்வரிசையை எண்ணினால் கணக்கு தப்பும்.

சோபாக்கள் பல அளவில் உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உட்காரும் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ.தான் இருக்கும். நான் குறுக்கியதில் அது 32 ஆகிவிட்டது, குழந்தைகள் சோபா மாதிரி. கண்ணுக்கு உறுத்துவது இதுதான்.

அளவு சரியாக இருந்தும் ஒட்டவில்லையா? அப்போது பெரும்பாலும் கேமரா உயரம் பொருந்தியிருக்காது. உள்ளே நோக்கி ஓடும் ஓட்டுக் கோடுகளை நீட்டிக்கொண்டே போங்கள். அவை சந்திக்கும் புள்ளி வழியாக ஒரு கிடைக்கோடு போடுங்கள், அதுதான் கேமராவின் உயரம். அறையை 120 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்திருந்தால் 85 செ.மீ. உயரச் சோபாவின் முதுகு முழுக்க அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும், இருக்கையின் மேல்பரப்பும் நன்றாகத் தெரியும். முழங்கால் உயரத்தில் எடுத்த சோபாவைக் கொண்டுவந்து ஒட்டினால் அந்தப் பரப்பு கீற்றாகத்தான் தெரியும். எவ்வளவு நிழல் போட்டாலும் அது உட்காராது, வேறு சோபாதான் தேட வேண்டும்.

அப்புறம், சுவரில் ஈரக்கறை இருந்தால் அதன் மேல் அலமாரி வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள். சோபா, கட்டில் எல்லாம் கணினியில் சேர்த்தவை என்று படத்திலேயே எழுதி, காலி அறைப் படத்தையும் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நான் இப்படிக் கேட்டதற்கே இரண்டு வேலை கைவிட்டுப் போனது. போகட்டும். ஆனால் 'சின்னத் திருத்தம்தானே' என்று ஏழு முறை மாற்றச் சொல்லிவிட்டு ஒரு படத்துக்கான கூலியை மட்டும் தருகிறார்களே, அதைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.