புதுசா வந்தவங்களும் சீனியர்களும் சேர்ந்து ஆடுற செஸ் கிளப்புக்கு ரேட்டிங் எப்படிப் போடுறது?

கேள்வி: எங்க செஸ் கிளப்ல 22 பேர். பாதிப் பேர் பல வருஷமா ஆடுறவங்க, மீதி இந்த வருஷம் சேர்ந்தவங்க. புதுசா வர்றவங்களுக்கு 1000னு வெச்சு எலோ கணக்கு போட்டா சீனியர்ஸ் கோவப்படுறாங்க, கணக்குல சேர்க்காம விட்டா புதுசுங்க கோவப்படுறாங்க. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற மாதிரி ஒரு லிஸ்ட் போட முடியுமா?

பதில்:

முடியும். உங்க சீனியர்ஸ் கோவத்துல நியாயம் இருக்குங்க. கோளாறு எலோ ஃபார்முலால இல்ல, நீங்க வெச்ச அந்த 1000ல இருக்கு. புதுசா வர்றவர்னா ஆடத் தெரியாதவர்னு அர்த்தம் இல்லையே, நாலு வருஷம் கோச்சிங் போய்ட்டு ப்ளஸ் டூக்காக விட்டுட்டு இப்ப காலேஜ் வந்ததும் திரும்ப ஆட வர்ற பையனும் உங்க கிளப்புக்குப் புதுசு தான், யானை எப்படிப் போகும்னு போன மாசம் கத்துக்கிட்ட அங்கிளும் புதுசு தான். ரெண்டு பேருக்கும் 1000னு போட்டா முதல் ஆள் கிட்ட தோக்குற ஒவ்வொரு சீனியரும் தண்டம் கட்டணும்.

எவ்ளோ தண்டம்னு பாக்கலாம். எலோல ஒரு ஆளோட எதிர்பார்ப்பு ஸ்கோர் இது தான், எக்செல்ல A2ல உங்க ரேட்டிங், B2ல எதிராளி ரேட்டிங்:

```
=1/(1+10^((B2-A2)/400))
```

ஆடி முடிச்சதும் வாங்கின பாயிண்ட்ல இருந்து இதைக் கழிச்சு, ஒரு கேம்ல ரேட்டிங் எவ்ளோ மாறலாம்னு முடிவு பண்ற கே ஃபேக்டரால பெருக்கி ரேட்டிங்ல சேர்க்கிறோம், அவ்ளோ தான். கே 20னு வெச்சுக்கோங்க. 1450ல இருக்கிற சீனியர் 1000ல இருக்கிறவரோட ஆடினா எதிர்பார்ப்பு 0.93. ஜெயிச்சா ஒண்ணரை பாயிண்ட் கூட வராது, தோத்தா 18.6 போயிடும். எதிர்ல உக்காந்திருக்கிறது நிஜமாவே 1000 ஆளா இருந்தா இது சரியான கணக்கு தான். ஆனா அந்த காலேஜ் பையன் உண்மையில 1450 ரேஞ்ச்னா? அவன் மேல ஏறுற வரைக்கும் அவன் கிட்ட மாட்டுறவங்க எல்லாரும் கீழ இறங்குவாங்க. 22 பேர் இருக்கிற இடத்துல இப்படி மூணு பேர் வந்தாலே மொத்த லிஸ்ட்டும் சரிஞ்சுடும்.

இது சின்ன கிளப்போட பிரச்சினை மட்டும் இல்ல. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயே இதுல மாட்டிச்சு, வேகமா வளர்ற பசங்க ரொம்பக் கீழ இருந்து ஆரம்பிச்சு மத்தவங்க பாயிண்ட்ட இழுத்துக்கிட்டே போனதால 2024 மார்ச்ல ரேட்டிங்கோட அடிமட்டத்தை 1000ல இருந்து 1400க்கு தூக்கி, 2000க்குக் கீழ இருந்தவங்களுக்கும் ஏத்தி விட்டாங்க. அதே சமயத்துல முதல் ரேட்டிங் போடுற முறையையும் மாத்தினாங்க. அந்த முறையைத் தான் நீங்க கிளப்புக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கணும்னு சொல்றேன்.

புது ஆளுக்கு ஆரம்ப நம்பரே குடுக்காதீங்க. லிஸ்ட்ல பேர் இருக்கட்டும், ரேட்டிங் இடத்துல ஒரு கோடு போடுங்க. ரேட்டிங் உள்ளவங்களோட அஞ்சு கேம் ஆடட்டும். அதோட கற்பனையா இன்னும் ரெண்டு கேம் சேருங்க, ரெண்டும் உங்க கிளப் சராசரி ரேட்டிங் ஆளோட ஆடி டிரா பண்ணின மாதிரி. ஃபிடே இதுக்கு 1800ங்கிற கற்பனை ஆளை வெச்சிருக்கு, உங்களுக்கு அது ரொம்ப அதிகம், கிளப் சராசரியையே வெச்சுக்கோங்க. இப்ப ஏழு கேம் ஆச்சு, அந்த ஏழு எதிராளிகளோட சராசரியையும் ஸ்கோரையும் வெச்சு ரேட்டிங் போடணும்.

அந்தப் பையன் 1600, 1450, 1350, 1300, 1200 ஆளுங்களோட ஆடினான்னு வைங்க. 1600 கிட்ட தோல்வி, 1350 கூட டிரா, மத்த மூணும் ஜெயிச்சான், மொத்தம் மூணரை. கிளப் சராசரி 1300. கற்பனை கேம் ரெண்டையும் சேர்த்தா ஏழுக்கு நாலரை, எதிராளி சராசரி 1357. C2ல சராசரி, D2ல ஸ்கோர், E2ல கேம் எண்ணிக்கை:

```
=C2+400*LOG10(D2/(E2-D2))
```

1459 வரும். இது தான் அவனோட முதல் ரேட்டிங். அந்தக் கற்பனை டிரா எதுக்குன்னா, அஞ்சும் ஜெயிச்ச ஆளுக்கு இந்த ஃபார்முலா அதுங்க இல்லாம வேலையே செய்யாது, பூஜ்யத்தால வகுக்கச் சொல்லி எர்ரர் அடிக்கும், அஞ்சும் தோத்தா பூஜ்யத்துக்கு லாக் எடுக்கச் சொல்லி எர்ரர் அடிக்கும். டிராவைச் சேர்த்ததும் இதே எதிராளிகளோட அஞ்சும் ஜெயிச்சா 1668, அஞ்சும் தோத்தா 1046னு கைக்கு அடங்கின நம்பர் வரும். கேம் கம்மியா இருக்கும்போது ஆளை நடுவாந்திரத்துப் பக்கம் இழுத்து வெக்கிறது நல்லது தான், அஞ்சு கேம்ல யாரோட பலமும் முழுசா தெரிஞ்சுடாது.

அடுத்தது சீனியர்ஸோட பக்கம். ரேட்டிங் இல்லாதவரோட ஆடின கேமை ஃபிடே பொதுவா ரேட்டிங் உள்ளவருக்குக் கணக்குல எடுக்காது. பெரிய டோர்னமெண்ட்ல அது பரவால்ல, உங்க கிளப்ல பாதிப் பேர் புதுசு, அப்படிப் பண்ணா பாதி ஆட்டம் கணக்குலயே வராது, அப்புறம் சீனியர் ரெண்டு பேர் ஃபோனை நோண்டிக்கிட்டே ஆடுவாங்க. அதனால ரெண்டு சுத்தா கணக்கு போடுங்க. முதல் சுத்துல புது ஆளோட ரேட்டிங்கைக் கண்டுபிடிங்க. ரெண்டாவது சுத்துல அந்த ரேட்டிங்கை எதிராளி ரேட்டிங்கா வெச்சு சீனியர்ஸோட கணக்கைப் போடுங்க. அது வரைக்கும் அந்த கேம் எல்லாம் ஷீட்ல பெண்டிங்ல இருக்கட்டும்.

மேல சொன்ன 1450 சீனியரையே எடுங்க, பையன் கிட்ட தோத்தவர். பையனுக்கு 1000னு வெச்சிருந்தா 18.6 போயிருக்கும். ரெண்டு சுத்து முறைல பையன் 1459, இவர் எதிர்பார்ப்பு கிட்டத்தட்ட பாதி, 9.7 தான் போகுது. பையனை ஜெயிச்ச 1600 ஆளுக்கு பழைய முறைல 0.6 பாயிண்ட் தான் கிடைச்சிருக்கும், இப்ப 6 பாயிண்டுக்கு மேல. தோத்தவருக்கு சேதம் பாதி, ஜெயிச்சவருக்கு பத்து மடங்கு. இந்த ரெண்டு நம்பரையும் மீட்டிங்ல பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க, வேற எந்த விளக்கமும் தேவைப்படாது.

முதல் ரேட்டிங் வந்த பிறகும் அது இன்னும் பச்சை மண்ணு தான், அதனால அவருக்கு மட்டும் அடுத்த 20 கேமுக்கு கே 40, சீனியர்ஸுக்கு 20. (ஃபிடேல 30 கேம் வரைக்கும் 40, உங்க ஆளுங்க மாசத்துக்கு நாலு அஞ்சு கேம் தான் ஆடுவாங்கன்னா 30 ரொம்ப நாள் இழுக்கும்.) அவர் ஒரே கேம்ல 20 ஏறும்போது எதிராளி 10 தான் இறங்குவார், கணக்கு டேலி ஆகலையேன்னு உங்க ஆடிட்டர் மெம்பர் யாராவது கேப்பார். டேலி ஆக வேண்டியதில்ல. வளர்ற ஆளு ஏறுற பாயிண்ட் முழுசும் மத்தவங்க பாக்கெட்ல இருந்தே வந்தா தான் லிஸ்ட் சரியும்.

லிஸ்ட்ல ரொம்ப தூரத்துல இருக்கிற ரெண்டு பேர் ஆடினா வித்தியாசத்தை 400க்கு மேல கணக்குல எடுக்காதீங்க. அப்ப 1650 ஆளு 1050 ஆளை ஜெயிச்சா 1.8 கிடைக்கும், தோத்தா 18.2 போகும், "ஜெயிச்சா அரை பாயிண்ட் தான், எதுக்கு ஆடணும்"ங்கிற பேச்சு குறையும். இதுல ஒரு ஓட்டை இருக்கு, புது ஆளுங்களையே தேடிப் பிடிச்சு ஆடி ஒண்ணேமுக்கால் ஒண்ணேமுக்காலா சேர்க்கிறவர் ஒருத்தர் கண்டிப்பா கிளம்புவார், அதனால ஒரே ஜோடிக்கு மாசத்துக்கு ரெண்டு ரேட்டட் கேம் தான்னு ஒரு கட்டு வைங்க.

அதே மாதிரி உச்சத்துல போய் உக்காந்துக்கிட்டு ரேட்டிங் போயிடும்னு ஆடாமலே இருக்கிறவங்க. இவங்களுக்கு வாரா வாரம் பாயிண்ட் குறைக்கிறது சில கிளப்ல வழக்கம், தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஆடலைங்கிறதால ஒருத்தர் ஆட்டம் மோசமாயிடாது, ரெண்டு மாசம் லீவ் போட்டவருக்கு 100 குறைச்சா திரும்பி வரும்போது அவர் கிட்ட தோக்குறவங்க தான் அந்த 100க்கு வட்டி கட்டுவாங்க. ரேட்டிங்கைத் தொடாம விட்டுட்டு, கடைசி ரெண்டு மாசத்துல நாலு கேமாவது ஆடினவங்களுக்கு மட்டும் லிஸ்ட்ல இடம்னு வைங்க. ஆடாதவர் பேர் லிஸ்ட்டுக்குக் கீழ தனியா, அதே ரேட்டிங்கோட இருக்கும், வந்து ஆடினா அதே நம்பரோட மேல போவார்.

பரிசு குடுக்குறீங்கன்னா 1300க்குக் கீழனு ஒரு கேட்டகரி எப்படியும் வெப்பீங்க. அதுல முதல் 20 கேம் முடிக்காதவங்களைச் சேர்க்காதீங்க, அவங்களுக்குன்னு தனியா ஒரு பரிசு வைங்க. இல்லன்னா அஞ்சு கேம்ல மூணை வேணும்னே விட்டுட்டு 1200ல உள்ள நுழைஞ்சு கோப்பையைத் தூக்கிட்டுப் போறது ரொம்ப சுலபம்.

இதெல்லாம் சரியா ஓடுதான்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. சீனியர்ஸ் இந்த வருஷம் சேர்ந்து ரேட்டிங் வாங்கினவங்களோட ஆடின கேம்களை மட்டும் ஃபில்டர் பண்ணி, எதிர்பார்ப்பு ஸ்கோரைக் கூட்டுங்க, பக்கத்துல நிஜமா வாங்கின ஸ்கோரைக் கூட்டுங்க. 30 கேம்ல எதிர்பார்ப்பு 22.8, வாங்கினது 21னா பேசாம விடுங்க, அவ்ளோ ஏத்த இறக்கம் எப்பவும் இருக்கும். 17னா புது ஆளுங்க இன்னும் குறைச்ச ரேட்டிங்ல தான் உள்ள வர்றாங்க. அப்ப சீனியர்ஸோட ரேட்டிங்ல கை வெக்காதீங்க, அந்தக் கற்பனை ஆளோட ரேட்டிங்கை 1300ல இருந்து 1350, 1400னு கொஞ்சம் ஏத்திட்டு அடுத்த மூணு மாசம் பாருங்க. பத்துப் பன்னெண்டு கேம் தான் தேறுதுன்னா எந்த முடிவும் எடுக்க வேணாம், அடுத்த காலாண்டோட சேர்த்துக் கூட்டிக்கோங்க.