கிரகணத்தில் பிறந்த ஜாதகம்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: என் மகள் 1995 அக்டோபர் 24 அன்று காலை 8.30 மணிக்குச் சென்னையில், சூரிய கிரகணம் நடந்துகொண்டிருந்தபோது பிறந்தாள். விருச்சிக லக்னம். துலாமில் சூரியன், சந்திரன், ராகு மூன்றும் இருப்பதால் இது கிரகண தோஷ ஜாதகம் என்று சொல்லி, வந்த வரன்கள் தட்டிப்போகின்றன. பெரிய பரிகாரம் செய்தால்தான் திருமணம் நடக்கும் என்கிறார் ஒரு ஜோதிடர். செய்யத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் மகளின் ஜாதகத்தில் உள்ள கிரகண யோகம் உண்மையானது. ஆனால் அது பேசும் விஷயம் திருமணம் அல்ல. அது தீவிரமாகப் பேச வேண்டிய காலமும் பெரும்பாலும் கடந்துவிட்டது. இந்த இரண்டையும் ஜாதகத்தை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. சூரியனோ சந்திரனோ ராகு அல்லது கேதுவுடன் ஒரே ராசியில் இருந்தாலே கிரகண யோகம் என்று எழுதிவிடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு ஒரு மாதம் ராகு நிற்கும் ராசியிலும், இன்னொரு மாதம் கேது நிற்கும் ராசியிலும் இருக்கிறான். சந்திரனோ ஒவ்வொரு மாதமும் இரண்டு ராசிகளையும் ஏறத்தாழ இரண்டேகால் நாள் வீதம் கடக்கிறான். கணக்கிட்டால் பத்தில் மூன்று பேருக்கு இந்த அமைப்பு ஏதோ ஒரு வகையில் வந்துவிடும். இத்தனை பேருக்குப் பொதுவான ஒன்றைத் தனிப்பட்ட சாபம்போலச் சொல்வது முறையல்ல.

உண்மையான கிரகணத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. திதி அமாவாசை அல்லது பௌர்ணமி முடியும் தறுவாயாக இருக்க வேண்டும். சூரியன் ராகு அல்லது கேதுவுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சூரிய கிரகணத்துக்கு இந்த இடைவெளி அதிகபட்சம் 18 பாகை அளவு. சந்திர கிரகணத்துக்கு அதைவிடக் குறைவு. ராசி முப்பது பாகை கொண்டது என்பதால், ராசியின் தொடக்கத்தில் ராகுவும் முடிவில் சூரியனும் நின்றால் கட்டத்தில் இருவரும் ஒன்றாகத் தெரிவார்களே தவிர, வானில் கிரகணம் நிகழாது. சப்தமி திதியில் சந்திரன் ராகுவோடு இருந்தாலும் அப்படித்தான். மாறாக, ராகு ஒரு ராசியின் கடைசியிலும் சூரியன் அடுத்த ராசியின் தொடக்கத்திலும் இருந்து அமாவாசையும் கூடினால், கட்டத்தில் யோகம் தெரியாமலே கிரகணம் நிகழும். ஆகவே ராசிக் கட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இரண்டு பக்கமும் தவறலாம். ஜாதகத்தில் கிரக ஸ்புடம், அதாவது பாகை கலை, எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மகள் பிறந்த நாளில் ராஜஸ்தான் முதல் வங்காளம் வரை முழுக் கிரகணமும் தமிழ்நாட்டில் பகுதிக் கிரகணமும் தெரிந்தன. திருக்கணிதப்படி சூரியன் துலாமில் சுமார் ஆறரைப் பாகையிலும், சந்திரன் அதற்கு ஏறக்குறைய ஒரு பாகை பின்னாலும், ராகு சுமார் இரண்டரைப் பாகையிலும் இருக்கிறார்கள். இது பெயரளவு யோகம் அல்ல.

இனி இந்த யோகம் எதைக் காட்டுவதாகச் சொல்லப்படுகிறது என்பதற்கு வருவோம். சூரியன் தந்தைக்கும், தன்னம்பிக்கைக்கும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவுக்கும் காரகன். சந்திரன் தாய்க்கும் மனத்துக்கும் காரகன். ராகு சேர்ந்தால் அந்த விஷயங்களில் மிகையும் அமைதியின்மையும், கேது சேர்ந்தால் பற்றின்மையும் விலகலும் வரும் என்பது மரபு. தந்தையோடு இடைவெளி, தன் திறமையில் தனக்கே ஐயம், எளிதில் கலங்கும் மனம் ஆகியவை ராகு சேர்க்கைக்குச் சொல்லப்படும் பலன்கள். பரந்த கற்பனையும், வழக்கத்துக்கு மாறான துறைகளில் ஏற்றமும், வெளிநாட்டுத் தொடர்பும் இதே யோகத்துக்கு உரியவைதான். பரிகாரம் விற்பவர்கள் அவற்றை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மகளுக்கு உண்மையாகவே தீராத பதற்றமோ தூக்கமின்மையோ இருந்தால், அதை ஜாதகத்தின் கணக்கில் எழுதிவிடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

விருச்சிக லக்னத்துக்கு இந்தச் சேர்க்கை நிகழும் துலாம் பன்னிரண்டாம் வீடு. ஒன்பதாம் அதிபதியான சந்திரனும் தந்தைக்காரகனான சூரியனும் ராகுவோடு விரய ஸ்தானத்தில் இருப்பதால், தந்தை வேலை நிமித்தம் தொலைவில் இருந்திருக்கலாம், அல்லது அவர் வழியில் செலவும் கவலையும் வந்திருக்கலாம் என்றுதான் படிக்க முடியும். சூரியன் துலாமில் நீசம் என்பதும் உண்மை. ஆனால் அதே துலாமில் சுக்கிரன் ஆட்சியாக இருக்கிறான். நீச வீட்டின் அதிபதி சந்திரனுக்குக் கேந்திரத்தில் இருந்தால் நீசபங்கம், அதாவது நீசத்தின் பலவீனம் நீங்கும், என்ற விதி சுக்கிரன் சந்திரனோடு ஒரே ராசியில் இருப்பதால் இங்கே பொருந்துகிறது.

திருமணத்துக்கு ஏழாம் வீடான ரிஷபத்தையும் அதன் அதிபதி சுக்கிரனையும் பார்க்க வேண்டும். சுக்கிரன் துலாமின் 23 பாகையை ஒட்டி நிற்கிறான். சூரியனிடமிருந்து ஏறத்தாழ 17 பாகை விலகியிருப்பதால் சூரிய ஒளியில் வலுவிழக்கும் அஸ்தங்கமும் இல்லை, ராகுவின் நெருக்கமும் இல்லை. லக்னத்தில் குரு அமர்ந்து ஏழாம் பார்வையாக ரிஷபத்தைப் பார்க்கிறார். லக்னாதிபதி செவ்வாயும் அங்கே ஆட்சியாக இருக்கிறான். லக்னச் செவ்வாயைச் சிலர் தோஷமாகச் சொல்லக்கூடும். ஆட்சி வீட்டில் அதற்கு விலக்கு உண்டு. சுக்கிரன் பன்னிரண்டில் மறைந்திருப்பதால் வரன் சற்றுத் தாமதமாகலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். திருமணமே இல்லை என்று சொல்ல இந்த ஜாதகத்தில் இடமில்லை.

யோகம் பேசும் காலத்தைத் திசைதான் காட்டும். பிறந்த நட்சத்திரம் சித்திரை நான்காம் பாதம் என்பதால் செவ்வாய் திசை இருப்பு ஏறக்குறைய ஆறு மாதம். அடுத்து 1996-இல் தொடங்கிய ராகு திசை பதினெட்டு ஆண்டுகள் ஓடி 2014-இல் முடிந்தது. கிரகண யோகத்தின் கடுமை வெளிப்பட வேண்டிய காலம் அதுதான். அந்த ஆண்டுகளில் குடும்பத்தில் என்ன நடந்தது என்பதை என்னைவிட நீங்களே நன்றாக அறிவீர்கள். இப்போது நடப்பது குரு திசை, 2030 வரை. வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்திருந்தால் சந்திரன் சற்று முன்பின்னாகி இந்தக் கணக்கு சில மாதங்கள் நகரலாம்.

கிரகணத்தில் பிறந்த குழந்தைக்குச் சாந்தி செய்யும் முறை மரபில் உண்டு. அது குழந்தைப் பருவத்துக்கு உரியது. அப்போது செய்யவில்லை என்ற மனக்குறை இருந்தால், திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் பாலாபிஷேகம் செய்யுங்கள், அல்லது காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்து வாருங்கள். கோயில் ரசீதுக்கு மேல் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. வரன் வீட்டார் கேட்டால் கிரகணப் பிறப்பை மறைக்காமல், பாகையோடு எழுதிய ஜாதகத்தையே கொடுங்கள். பொருத்தம் பார்க்கும்போது பையனுக்கும் 2030-ஐ ஒட்டித் திசை மாறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். மகளுக்கு அப்போது சனி திசை தொடங்குவதால், இருவருக்கும் திசா சந்தி ஒன்றாக வராமல் இருப்பது நல்லது.