‘கட’ என்றால் தாண்டு என்றுதானே பொருள், அப்போ ‘கடகட’ பிழையா?

‘இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் இருக்காது என்று டியூஷன் சேர் எழுதித் தந்தார். சலசல சரி. ஆனால் கடகடவைப் பிரித்தால் ‘கட’ வருகிறதே, அதற்குத் தாண்டு என்று பொருள் இருக்கே? பரீட்சையில் என்ன எழுதுவது?’
– தரம் 7 மாணவி, ஹட்டன்

பிழை கடகடவில் இல்லை மகள், சேர் தந்த அந்த டியூட்டில் இருக்கிறது. கடகட இரட்டைக்கிளவிதான், தைரியமாக எழுது.

தொல்காப்பியம் சொல்வது ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா’ என்று மட்டும்தான். இரண்டாக நிற்பது பிரிந்து தனியே வராது, அவ்வளவுதான். அதை யாரோ ‘பிரித்தால் பொருள் இருக்காது’ என்று சுருக்கி, அதுவே டியூட்டுக்கு டியூட் போட்டோகொப்பி ஆகிக்கொண்டு வருகிறது. சரியாகச் சொன்னால், பிரித்தால் அந்த இடத்துக்குரிய பொருள் இருக்காது. பீப்பாய் ஒன்று சரிவில் கடகடவென்று உருண்டது என்று வைத்துக்கொள். ஒரு கடவை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்: ‘பீப்பாய் கடவென்று உருண்டது.’ காது ஏற்கவில்லை, இல்லையா? ஆற்றைக் கட, பாலத்தைக் கட என்கிறோமே, அந்தக் ‘கட’ வேறு வீட்டுப் பிள்ளை. எழுத்து தற்செயலாக ஒத்துப்போனது. படபடவில் ‘பட’, கலகலவில் ‘கல’, குடுகுடுவில் ‘குடு’ எல்லாம் இப்படித்தான். குடுகுடுவென்று ஓடுகிற தாத்தா யாருக்கும் எதையும் குடுக்கவில்லை.

இப்போது ‘பாம்பு பாம்பு’ என்று கத்துவதை எடுத்துக்கொள். ஒன்றை எடுத்தாலும் ‘பாம்பு’ நிற்கிறது, பயமும் நிற்கிறது. அது அடுக்குத்தொடர். மூன்று தடவை கத்தினாலும் குற்றமில்லை. கடகடவை மூன்றாக்க முடியாது. இதில் அடிக்கடி மாட்டுவது ‘சொட்டுச் சொட்டாக’ என்பது. தண்ணீர் விழுகிற சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருப்பதால் பிள்ளைகள் இரட்டைக்கிளவி என்று எழுதிவிடுகிறார்கள், நான் பார்த்த ஒரு ‘நூறு இரட்டைக்கிளவி’ புத்தகத்திலும் அப்படியே இருந்தது. சொட்டு என்றால் துளி. ‘ஒரு சொட்டுத் தண்ணீர்’ என்று தனியாக வருகிறதே! அது இரட்டைக்கிளவி இல்லை. அந்தப் புத்தகத்தை விற்றவர் ‘இதை மனப்பாடம் செய்தால் போதும் டீச்சர்’ என்று என்னிடமே சொன்னார்.

மனப்பாடம் வேண்டாம், வாயைக் கேள். சலசல, சரசர, சடசட என்று மெதுவாகச் சொல்லு. மூன்றிலும் முதல் எழுத்து ‘ச’தான், மாறுவது அடுத்த எழுத்து மட்டும். ல சொல்லும்போது நாக்கின் இரண்டு பக்கத்தாலும் காற்று வழிந்து போகும். அதனால் ஓடை சலசலக்கிறது. ர-வில் நாக்கு உரசி அதிரும். காய்ந்த சருகுக்குள் சாரை போனால் சரசர. ட-வில் நாக்கு மேலண்ணத்தில் அடிக்கும்; லயத்துத் தகரத்தில் பெருமழை பிடித்தால் சடசட. க-வுக்கும் இதே கதைதான்: வளையலும் சிரிப்பும் கலகல, சளி பிடித்த தொண்டை கரகர, உருளும் பீப்பாயும் இடியும் கடகட. எல்லாச் சொல்லும் இந்தக் கணக்குக்குள் அடங்காது, ஆனாலும் பட்டியலை விட இது கைகொடுக்கும். பேரருவிக்குப் பக்கத்தில் நின்று சலசல என்று எழுதாதே, அது சோவென்று கொட்டும். கீழே கல்லுக்கிடையில் ஓடுகிற தண்ணீருக்குத்தான் சலசல.

இரட்டிப்பதற்கும் காரணம் உண்டு. அந்தத் தகரத்தில் கொய்யாக்காய் ஒன்று விழுந்தால் ‘டொம்’ என்று ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். மழை விடாமல் அடிக்கிறது, அதனால் சடசட. சத்தம் திரும்பத் திரும்ப எழுந்தால் சொல்லும் இரட்டிக்கும்.

எழுதும்போது இடைவெளி விடாமல் சேர்த்து எழுது, நடுவில் ஒற்றுப் போடாதே. கடகட, கடக்கட அல்ல. வினாவில் ‘ஒலிக்குறிப்புச் சொல்’ என்று கேட்டிருந்தால் பளபளவையும் கமகமவையும் விடையில் எழுதிவிடாதே. அவையும் இரட்டைக்கிளவிதான், ஆனால் ஒன்று கண்ணுக்கு, மற்றது மூக்குக்கு. இரட்டைக்கிளவி கேட்கும் வினாவையும் ஒலிக்குறிப்புச் சொல் கேட்கும் வினாவையும் ஒன்றென்று நினைத்துப் பேப்பர் தயாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்ல! விளக்கம் கேட்டு ஒரு வரி இடம் விட்டிருந்தால் இப்படி எழுது: ‘கடகட என்பதில் ஒரு பகுதியை நீக்கினால், உருளும் ஓசை என்ற பொருள் கிடைக்காது, எனவே இரட்டைக்கிளவி.’